அதிகாரபூர்வ ஆட்சேபக்காரி

யாரம்பில் ஊரில் சண்டையே கிடையாது. கால்நடைக் கண்காட்சிக் கழகத்தின் கமிட்டி இருக்கும்போது சண்டைக்கு என்ன வேலை? மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒன்பது பேர் கூடுவார்கள். ஆறே காலுக்கு ஒன்பது பேரும் ஒரே அபிப்பிராயத்தோடு எழுந்திருப்பார்கள். நடுவில் தேநீர், ஸ்கோன் என்கிற குட்டி ரொட்டி, ஜாம். அபிப்பிராயம் எப்போது உருவானது என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. ஸ்கோன் எப்போது வந்தது என்று எல்லாருக்கும் தெரியும்.

வெர்னா புல்மன் அந்தக் கமிட்டிக்கு இருபத்திரண்டு வருஷமாகச் செயலாளர். நடப்பதைக் குறிப்பேட்டில் எழுதுவது அவள் வேலை. எழுதி எழுதி, 'ஒருமனதாக நிறைவேறியது' என்ற இரண்டு சொற்களும் மூளையைத் தொந்தரவு செய்யாமல் விரலிலிருந்தே வர ஆரம்பித்திருந்தன. சில சமயம் தீர்மானம் என்னவென்று காதில் விழுமுன்பே எழுதி முடித்துவிடுவாள். ஒருமுறைகூடத் தப்பானதில்லை.

அவள் வாழ்க்கையைச் சொல்ல வேண்டுமென்றால் அதிகம் இல்லை. ஊருக்கு மேலே, மலையடிவாரத்துப் பால்பண்ணையில் பிறந்தாள். அப்பா போனதும் பண்ணை அண்ணன் லெஸ்ஸுக்கு, பாத்திர அலமாரி இவளுக்கு. அந்தப் பக்கத்தில் அதுதான் நியாயம். யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கவில்லை, ஆனால் போட்டிருந்தால் ஒருமனதாகத்தான் நிறைவேறியிருக்கும். தபால் ஆபீஸ் கவுண்ட்டரில் முப்பது வருஷம் ஊரின் ரகசியங்களுக்கு முத்திரை குத்தினாள். பள்ளிக்கூடப் பஸ் ஓட்டிய ரானைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் ஒரு நாள் பஸ்ஸைச் சரியாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங் மேலேயே சாய்ந்து போனார். பிள்ளைகள் இல்லை. மிச்சமிருந்தது இரண்டு: முதல் செவ்வாய்க்கிழமை, ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய் கமிட்டி. ஞாயிறு மத்தியானம் லெஸ் வருவான். ஆட்டிறைச்சி வறுவல் சாப்பிட்டுவிட்டுத் தன் பதின்மூன்று ஜெர்சிப் பசுக்களைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போவான். அவனுக்கும் அவர்கள் பதின்மூன்று பேரையும் இவளையும் விட்டால் யாருமில்லை. வரிசையில் இவள் பதினான்காவது என்பது வெர்னாவுக்குத் தெரியும். கோபமில்லை. பதின்மூன்றும் அழகான பசுக்கள்.

கமிட்டித் தலைவர் கிளைவ் ஹாதர்சேஜ், டிராக்டர் கடைக்காரர். கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் யாராவது எதிர்த்திருப்பார்கள். அவர் தீர்மானத்தை ஓட்டுக்கு விடும் அழகைப் பார்க்க வேண்டும்: "ஆதரிக்கிறவங்க கையத் தூக்குங்க எதிர்க்கிறவங்க யாருமில்லையே நிறைவேறிடுச்சு தெல்மா ஸ்கோன எடுத்துட்டு வா." மொத்தமும் ஒரே மூச்சு. எதிர்க்க நினைப்பவன் 'எதிர்க்கிறவங்க' என்ற சொல்லுக்கும் 'யாருமில்லையே' என்ற சொல்லுக்கும் நடுவில் புகுந்தாக வேண்டும். அங்கே ஒரு கொசு நுழைய இடமில்லை.

ஒருமுறை ஒருவர் நுழைந்தார். பெர்சி என்று பேர், கோழிப் பிரிவுக்குப் பொறுப்பானவர். கண்காட்சித் தேதியை மாற்றக் கூடாது என்று எழுந்து நின்று சொன்னார்; எட்டுக் கை மேலே போனதும் அவரும் கையைத் தூக்கிவிட்டார். யாரும் அவரைத் திட்டவில்லை. அன்றிலிருந்து எல்லாரும் அவரிடம் மிக மரியாதையாக நடந்துகொள்ள ஆரம்பித்தார்கள். அந்த ஊரில் அதுதான் தண்டனை. கேலி நின்றது. முதுகில் தட்டுவது நின்றது. "எப்படி இருக்கீங்க, பெர்சி?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காக நின்று கேட்டார்கள். எட்டு மாதத்தில் மனுஷர் மகள் இருக்கும் ஊருக்குக் குடிபோய்விட்டார். வெர்னா அதைக் குறிப்பேட்டில் எழுதவில்லை, மனசில் எழுதிக்கொண்டாள்.

*

புதிய மாட்டுக் கொட்டகை கட்டுவதற்கு அரசு உதவி கிடைத்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது: கமிட்டியார் அரைநாள் பயிற்சி எடுக்க வேண்டும். நகரத்திலிருந்து இமோஜென் வேல் என்ற முப்பது வயதுப் பெண், ஒரு பெட்டி நிறைய வண்ண அட்டைகளோடு வந்தாள்.

"நீங்க எல்லாரும் எப்பவும் ஒத்துப் போறீங்கன்னு கேள்விப்பட்டேன்" என்றாள்.

"ஆமா" என்றார்கள் ஒன்பது பேரும். ஒரே குரலில்.

இமோஜென் சிரிக்கவில்லை. "நல்லாப் பழகினவங்க கூடுற இடத்துலதான் இந்த ஆபத்து அதிகம். பக்கத்துல இருக்கிறவர் முகத்தப் பார்ப்பீங்க. அவர் சும்மா இருக்கார், அப்ப நமக்கு மட்டும்தான் சந்தேகம்னு நெனைப்பீங்க. அவரும் உங்க முகத்தப் பார்த்து அதையேதான் நெனைச்சிட்டிருப்பார்."

பிறகு வழிகள் சொன்னாள். தலைவர் தன் அபிப்பிராயத்தைக் கடைசியில்தான் சொல்ல வேண்டும். பேச்சு ஆரம்பிக்குமுன் ஒவ்வொருவரும் தன் எண்ணத்தைப் பேர் போடாமல் அட்டையில் எழுதிவிட வேண்டும். 'ஒரு வருஷம் ஆச்சு, இந்தத் திட்டம் நாசமாப் போச்சு, ஏன் போச்சு?' என்று கற்பனை செய்து காரணம் எழுத வேண்டும். பெரிய முடிவை அன்றே எடுக்காமல் இன்னொரு கூட்டத்துக்குத் தள்ளி, மறுபடி ஒருமுறை சந்தேகப்பட வேண்டும். எதிர்ப்பு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பத்து எண்ணும்வரை வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். கடைசியாக, வேண்டுமானால், ஒருவரை ஆட்சேபம் சொல்லவே நியமிக்கலாம். ஆனால் அது கூட்டத்துக்குக் கூட்டம் ஆள் மாற வேண்டும், அதை மட்டும் நம்பிவிடக் கூடாது. "சொல்லச் சொன்னதுக்காகச் சொல்றதும், நெஜமாவே நம்பிச் சொல்றதும் ஒண்ணில்ல" என்றாள்.

அவள் கார் கேட்டைத் தாண்டியதும் கமிட்டி ஆலோசித்தது.

"நான் கடைசியில பேசணுமாம்" என்றார் கிளைவ். "அப்ப நீங்கல்லாம் என்ன சொல்றதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வியாக எல்லாருக்கும் பட்டது.

"அட்டையில எழுதுறதா? நான் கண்ணாடி கொண்டுவரணும்" என்றாள் பூப் பிரிவு ஃபே.

"நாசமாப் போச்சுன்னு நெனைக்கிறதெல்லாம் அபசகுனம்" என்றார் கறிக்கடை நோரி. தினமும் நாலு கன்றுக்குட்டி வெட்டுகிறவர்.

இரண்டாவது கூட்டம் என்றதும் தெல்மா, இரண்டாவது தடவையும் தானே ஸ்கோன் சுட வேண்டுமா என்று கேட்டாள். அதோடு அது முடிந்தது. மிஞ்சியது கடைசி வழி. ஆட்சேபக்காரர். ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு தொல்லை.

"வெர்ன் செய்வா" என்றார் கிளைவ். "அவதான் எப்பவும் பேனா கையில வச்சிருக்கா. இனிமே ஒவ்வொரு கூட்டத்துக்கும் வெர்ன்தான் நம்ம அதிகாரபூர்வ ஆட்சேபக்காரி. ஆதரிக்கிறவங்க கையத் தூக்குங்க எதிர்க்கிறவங்க யாருமில்லையே நிறைவேறிடுச்சு."

எதிர்ப்பை ஒருமனதாக நியமித்தார்கள். வெர்னா எழுதிக்கொண்டாள்.

அடுத்த கூட்டத்தில் கிளைவ் ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். குழந்தைகள் மாறுவேடப் போட்டிக்கு வாங்கி மிஞ்சிய, சாத்தான் வேஷத்துச் சிவப்புக் கொம்பு வைத்த தலைப்பட்டை. ஆட்சேபம் சொல்லும்போது போட்டுக்கொள்ள. வெர்னா போட்டுக்கொண்டாள். அறுபத்தோரு வயதில், நரைத்த தலையில், இரண்டு வெல்வெட் கொம்பு. ஃபேக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

"கண்ணு, ஒனக்கு எடுப்பா இருக்கு" என்றார் கிளைவ்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் வெர்னாவுக்கு அது பிடித்திருந்தது. இருபத்திரண்டு வருஷமாக அந்த அறையில் யாரும் அவளைப் பார்த்ததில்லை, குறிப்பேட்டைத்தான் பார்த்தார்கள். இப்போது மாதத்துக்கு ஐந்து நிமிஷம் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். கழிப்பறைக்குப் பச்சை வர்ணம் அடிக்கக் கூடாது என்று ஆட்சேபித்தாள். ஜாம் போட்டியில் அத்திப்பழத்தைச் சேர்க்கக் கூடாது என்று ஆட்சேபித்தாள். கை தட்டினார்கள். பிறகு பச்சை அடித்தார்கள், அத்திப்பழத்தைச் சேர்த்தார்கள். ஒரு சேதமுமில்லை.

*

அப்புறம் கொட்டகை வந்தது.

பழைய கொட்டகை மேட்டின் மேல் இருந்தது. லாரியைப் பின்னுக்கு எடுக்கச் சிரமம். கிளைவ் கீழ் மைதானத்தைக் காட்டினார்: ஓடைக்கரை, சமதளம், ரோட்டுக்குப் பக்கம், மாடுகள் சுற்றும் வளையத்துக்கும் பக்கம். பேச்சை அவர்தான் ஆரம்பித்தார், படத்தை அவர்தான் விரித்தார், "இதைவிடப் பொருத்தமான இடம் இருந்தா என் தொப்பியத் தின்னுடறேன்" என்றதும் அவர்தான். அதற்குப் பிறகு மற்றவர்கள் பேசினார்கள். லாரி நிறுத்த வசதி என்றார் நோரி. பூச்சட்டி இறக்க வசதி என்றாள் ஃபே. லெஸ் கமிட்டியில் மாட்டுப் பிரிவுக்குப் பொறுப்பு. "என் இடுப்புக்கு மேடு ஏறாம இருந்தா நல்லது" என்றான்.

"சரி, வெர்ன். கொம்பு."

வெர்னா கொம்பைப் போட்டுக்கொண்டாள்.

"அந்தக் கீழ் வேலிய யாராவது பாத்திருக்கீங்களா?" என்றாள். "நான் பாக்கிறேன், நாய நடக்கக் கூட்டிட்டுப் போறப்ப. மூணாவது கம்பியில காஞ்ச புல்லு தொங்குது. சின்ன வயசுல நாலாவது கம்பியில தொங்கிப் பாத்திருக்கேன். புல்லு தானா ஏறிப் போய்க் கம்பியில உக்காரல, தண்ணிதான் கொண்டுபோய் வச்சிருக்கு. இங்க வெயில் அடிக்கும், மேல மலையில ராத்திரி பூரா பெய்யும். ஓடை சொல்லிட்டு வராது. மாடுங்க கயித்துல கட்டியிருக்கும். நீச்சல் தெரிஞ்சும் போக முடியாது."

ஒன்பது பேரில் பலர் ஒரு கணம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்தக் கணம் இன்னும் மூன்று விநாடி நீண்டிருந்தால் இந்தக் கதையை எழுதவே வேண்டியிருக்காது.

"அடேங்கப்பா!" என்றார் கிளைவ். "'நீச்சல் தெரிஞ்சும் போக முடியாது!' எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது. இதுவரைக்கும் செஞ்சதுலயே இதுதான் பெஸ்ட், வெர்ன்."

கை தட்டினார்கள்.

வெர்னா கொம்பைக் கழற்றினாள். மேஜை மேல் வைத்தாள். "இல்ல, கிளைவ். இது அந்த வேலை இல்ல. நான்தான் சொல்றேன். நெஜமாவே."

"பாருங்க, பாருங்க, கொம்பக் கழட்டிட்டா!" நோரி மேஜையைத் தட்டினார். "நாடகத்துல சேத்துடலாம்யா இவள!"

இன்னும் பலமாகக் கை தட்டினார்கள். லெஸ்ஸும் தட்டினான். அவன் முகத்தில் பெருமை. பசுவுக்கு ரிப்பன் கட்டும்போது மட்டும் வருகிற பெருமை. அது தன் பக்கம் திரும்பி அவள் அதுவரை பார்த்ததில்லை.

"ஆட்சேபம் முழுசாக் கேட்டாச்சு, ஆலோசிச்சாச்சு. இமோஜென் பாத்தா சந்தோஷப்படுவா" என்றார் கிளைவ். "இனி ஒன் வேலை முடிஞ்சுது, கண்ணு, ஓட்ட ஒன் பேர்ல போடு. ஆதரிக்கிறவங்க கையத் தூக்குங்க எதிர்க்கிறவங்க யாருமில்லையே..."

எட்டுக் கை மேலே போனது. அந்த ஒரே மூச்சுக்குள் வெர்னாவுக்குப் பெர்சி ஞாபகம் வந்தார். அவள் கை மேலே போனது. மற்றக் கை எழுதியது: 'ஆட்சேபக்காரியின் கருத்து முழுமையாகக் கேட்கப்பட்டது. ஒருமனதாக நிறைவேறியது.'

அந்த ஞாயிற்றுக்கிழமை லெஸ் வறுவலை மென்றுகொண்டே சொன்னான்: "சூப்பரா நடிச்ச, வெர்ன். ஒரு நிமிஷம் நானே நம்பிட்டேன்."

அவள் குழம்பு ஊற்றினாள். சொல்லியிருக்கலாம். மேஜையில் இரண்டு பேர்தான் இருந்தார்கள், கொம்பும் இல்லை, கிளைவும் இல்லை. 'நடிக்கல, லெஸ்' என்று இரண்டு வார்த்தை. ஆனால் அறுபத்தோரு வருஷத்தில் அண்ணன் அவளை மெச்சியது அதுதான் முதல் தடவை.

"கொஞ்சம் உருளைக்கிழங்கு வச்சுக்கோ" என்றாள்.

*

கொட்டகை அழகாக வந்தது. திறப்பு விழாவில் கிளைவ் ரிப்பன் வெட்டினார், வெர்னா தட்டில் கத்திரிக்கோல் ஏந்தி நின்றாள்.

கண்காட்சி மார்ச் மாதம். வியாழன், வெள்ளி மேலே மலை கறுத்துக் கிடந்தது. ஊரில் தூறல்கூட இல்லை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நல்ல வெயில். மரம் வெட்டும் போட்டி நடந்துகொண்டிருந்தது, ஊரே அங்கே. கோடரிச் சத்தம், ஒலிபெருக்கியில் நோரி. வெர்னா நுழைவுச் சீட்டு மேஜையில் இருந்தாள். முதலில் அவள் கவனித்தது வாசனையை. சேற்று வாசனை, வெயிலில். எழுந்து பார்த்தபோது கீழ் வேலியின் மூன்றாவது கம்பிவரை தண்ணீர்.

ஓடினாள். அறுபத்திரண்டு வயதுப் பெண் எவ்வளவு ஓட முடியுமோ அவ்வளவு. கொட்டகைக்குள் முப்பத்தெட்டு மாடுகள், போட்டி நடுவருக்காகக் குளிப்பாட்டி, வால் சீவி, தலைக்கயிற்றை இரும்புக் கம்பியில் குட்டையாகக் கட்டியிருந்தார்கள். தலை தாழ்த்தி அழுக்காக்கிக்கொள்ளக் கூடாதல்லவா. ஈரத்தில் முடிச்சு இறுகிவிட்டது. லெஸ் உள்ளே இருந்தான், பேனாக்கத்தியோடு, மார்பளவு தண்ணீரில். முதலில் தன் பசுக்களிடம் போகவில்லை. வாசலருகே இருந்த பிறத்தியார் மாடுகளின் கயிற்றைத்தான் அறுத்தான், அவை வழியை அடைத்துக்கொண்டிருந்ததால். அவனுடையவை உள்வரிசை. சாம்பியன்களுக்கு உள்வரிசைதான் மரியாதை.

ஒலிபெருக்கியில் நோரி, கொஞ்ச நேரம், இன்னும் மரம் வெட்டுகிறவர்களைத்தான் வாழ்த்திக்கொண்டிருந்தார்.

இருபது நிமிஷம். அவ்வளவுதான். பதினேழு மாடுகள் செத்தன. லெஸ்ஸின் பதின்மூன்றில் பதினொன்று. கடைசியாக அவன் கயிற்றை அறுத்துவிட்ட பசு மிரண்டு அவனைத் தூணோடு வைத்து நசுக்கியதில் தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. மத்தியானம் தண்ணீர் வடிந்தபோது பசுக்கள் வரிசை கலையாமல் கயிற்றில் தொங்கின. வால்கள் இன்னும் சீவினபடி இருந்தன.

*

மூன்று மாதம் கழித்து விசாரணைக்கு வந்த அதிகாரி நல்ல மனுஷர். குறிப்பேட்டைப் புரட்டினார். ஆட்சேபம் முழுமையாகக் கேட்கப்பட்டது என்ற இடத்தில் விரலை வைத்தார்.

"இதைவிட ஒழுங்கா ஒரு கமிட்டி நடக்க முடியாது" என்றார். "எதிர்க் கருத்தக் கேட்டிருக்கீங்க. பதிவும் பண்ணியிருக்கீங்க. உங்க மேல குத்தம் சொல்ல இடமில்ல."

கிளைவ் மூச்சு விட்டார். "எல்லாம் வெர்ன் எழுதுற அழகு" என்றார்.

அறிக்கையைப் படித்த இன்னொரு ஆள் இமோஜென் வேல். கூப்பிடாமலே அடுத்த கமிட்டிச் செவ்வாய்க்கிழமை வந்தாள். குறிப்பேட்டைப் பின்னோக்கிப் புரட்டி, "எல்லாக் கூட்டத்துக்கும் இவங்களேவா?" என்று மட்டும் கேட்டாள். அலமாரி மேல் கொம்பு இருந்தது; அதைப் பார்த்தாள்.

"புதுக் கொட்டகை எங்கன்னு முடிவு பண்ணணும் இன்னிக்கு. அதுக்கு முன்னால ஒரு காரியம். கிளைவ், நீங்க தயவுசெஞ்சு வெளிய அந்தத் தேநீர் மேஜைகிட்ட உக்காந்து எழுதுங்க. மத்தவங்க இங்க. பேசக் கூடாது. கீழ் மைதானத்துக் கொட்டகைக்குக் கையத் தூக்கின அன்னிக்கு உங்க மனசுல நெஜமா என்ன ஓடுச்சு? பேர் போட வேண்டாம்."

ஒன்பது அட்டைகள். ஃபே கண்ணாடி கொண்டுவந்திருந்தாள். லெஸ் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, முழங்காலில் வைத்து எழுதினான். கலைத்துப் போட்டு, செயலாளர் என்பதால் வெர்னாவிடம் கொடுத்தார்கள். அவள் நின்றுகொண்டு, பழைய கூட்டக் குறிப்பை வாசிக்கும் அதே குரலில் வாசித்தாள்.

"'வெள்ளம் வரும்னு தோணுச்சு. ஃபே ஒண்ணும் சொல்லல, அவளுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போகுதுன்னு விட்டுட்டேன்.'

"'அந்த ஓடைய எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. நோரி முகத்தப் பாத்தேன், நிம்மதியா இருந்தார்.'

"'இன்ஜினியரக் கேட்டிருப்பாங்கன்னு நெனைச்சேன்.'

"'ஸ்கோன் ஆறிடுமேன்னு நெனைச்சேன்.'

"'எங்கப்பா காலத்துல அந்த மைதானத்துல படகு ஓட்டியிருக்காங்க. எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானே, நான் எதுக்குச் சொல்லணும்னு இருந்துட்டேன்.'

"'பெர்சிய நெனைச்சேன்.'"

ஏழாவது அட்டை பச்சை மையில் இருந்தது. ஊரில் பச்சை மையில் எழுதுபவர் ஒருவர்தான்; டிராக்டர் ரசீதுகளில் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள்.

"'எனக்கே உறுதி இல்ல. ஆரம்பிச்சிட்டேன், எப்படி நிறுத்துறதுன்னு தெரியல. யாராவது ஒருத்தர் வேண்டாம்னு சொன்னா விட்டுடலாம்னு காத்திருந்தேன். யாருமே சொல்லல.'"

வெர்னா 'யாருமே சொல்லல' என்பதைத் தெளிவாக வாசித்தாள். ஒரு தடவைதான். கிளைவ் வாசலில் நின்றார், கையில் காலிக் கோப்பையோடு.

எட்டாவது அவளுடையது. "'தெரியும். சொன்னேன். அப்புறம் நானும் கையத் தூக்கினேன்.'"

ஒன்பதாவதின் எழுத்து கோணல்மாணலாக இருந்தது; பண்ணையில் பசுக்களின் காதுச் சீட்டில் எழுதிய அதே எழுத்து. அவள் கொஞ்சம் தாமதித்தாள். இமோஜென் வாயைத் திறந்தாள். வெர்னா அதற்குள் வாசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"'எனக்குச் சந்தேகமே வரல. கீழ் வேலியில அந்தப் புல்லு தொங்குறது எனக்கும் தெரியும். ஆனா நெஜமா ஆபத்துன்னா எந்தங்கச்சி ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுல சொல்லியிருப்பா.'"

யாரும் கை தட்டவில்லை.

லெஸ் அவளைப் பார்த்தான். அத்தனை பேர் முன்னால், சாதாரணமாகக் கேட்டான்: "ஏன் சொல்லல, வெர்ன்?"

நல்ல பொய்கள் நாலைந்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. மறந்துட்டேன். நீ கேட்டிருக்க மாட்ட. கமிட்டியில் மற்ற ஏழு பேரும் அவளுக்காக அவற்றில் ஒன்றை ஒருமனதாக நிறைவேற்றித் தந்திருப்பார்கள்.

"நல்லா நடிச்சேன்னு சொன்ன" என்றாள். "எனக்கு அது பிடிச்சிருந்துச்சு."

லெஸ் தலையாட்டினான். பசு விலைக்குச் சம்மதிக்கும்போது ஆட்டுகிற மாதிரி. மிச்சமிருந்த இரண்டு பசுக்களையும் அவன் ஏற்கெனவே விற்றாகிவிட்டது என்பதும், பண்ணையை அடுத்த மாதம் ஒப்படைக்கிறான் என்பதும், கடலோரத்தில் முதியோர் விடுதியில் இடம் பிடித்தாகிவிட்டது என்பதும் அவளுக்குப் பிறகு ஃபே சொல்லித்தான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகள் முடிந்த விஷயமும் அப்படித்தான் தெரிந்தது, வறுவல் ஆறிப்போய்.

கூட்டம் தொடர்ந்தது. கொட்டகை எங்கே? முதலில் எல்லாரும் எழுதினார்கள். பிறகு பேசினார்கள், கிளைவைத் தவிர. மேட்டு நிலம், லாரிக்குச் சிரமம்தான், பரவாயில்லை. கிளைவ் கடைசியில் பேசினார், ஒரே வார்த்தை: "மேட்டுலயே." பிறகு எழுந்து நின்றார்.

"ஆதரிக்கிறவங்க."

கைகள் போயின. வெர்னாவின் பேனா பழக்கத்தில் 'ஒரு' வரைக்கும் எழுதிவிட்டது.

"எதிர்க்கிறவங்க" என்றார் கிளைவ். வாயை மூடினார். இமோஜென் சொன்னபடி மனசுக்குள் எண்ணினார். உதடு அசைவது தெரிந்தது. ஒன்று, இரண்டு. அந்த அறைக்குப் பழக்கமில்லாத அமைதி. சுவர்க்கடிகாரம் இருப்பது அன்றுதான் பலருக்குத் தெரிந்தது. ஏழு. எட்டு.

லெஸ் கையைத் தூக்கினான்.

"காரணம் ஏதாவது சொல்லணுமா, லெஸ்?" என்றார் கிளைவ், ரொம்ப மரியாதையாக.

"வேண்டாம்" என்றான் லெஸ். "இந்தத் தடவை நின்னு கேட்டீங்க. தூக்கினேன்." ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, யாருடைய உதவியும் இல்லாமல், கதவைத் தாண்டிப் போனான்.

தெல்மா ஸ்கோன் தட்டோடு வந்து, வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள். வெர்னா 'ஒரு' என்பதை அடித்தாள். கோட்டின் மேல் கோடு போட்டு, படிக்க முடியாதபடி. அதற்குப் பக்கத்தில், கமிட்டியின் வரலாற்றில் முதல் தடவையாக, 'எட்டுக்கு ஒன்று' என்று எழுதினாள். எதிர்த்தவர் பேரையும் எழுத வேண்டும் என்பது விதி. எழுதினாள்.